ஒன்பது மணிக்கு அரங்கம் பூட்டப்படும்: முதல் புத்தக வெளியீட்டை நடத்தப் போகிறவர்களுக்கு

அரங்கம் பிடிக்கப் போகிறவர்கள் வாடகை கேட்பார்கள், நாற்காலி எத்தனை என்பார்கள், ஏசி உண்டா என்பார்கள். விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள் என்று கேட்கிறவர் குறைவு. வெளியீட்டு விழாவுக்கு எனக்குத் தெரிந்தவரை அதுதான் முதல் கேள்வி. சென்னையில் நான் வேலை பார்த்த அரங்குகளில் பெரும்பாலானவை ஒன்பது மணிக்கு மூடுகிறவை. எட்டே முக்காலுக்கே காவலாளி சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றுவிடுவார். கையெழுத்து வரிசையில் இருபது பேர் மிச்சம் இருப்பார்கள், விற்பனை மேசையில் கணக்கு முடிந்திருக்காது.

ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை, முதல் புத்தகம், டெமி அளவில் 168 பக்கம், விலை 240 ரூபாய். அரங்கில் 120 நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மாலை. நான் மேடைக்குக் கீழே நின்று ஓடியாடிய ஆள். அந்த ஒரு மாலையை வைத்தே மொத்தத்தையும் சொல்லிவிடலாம்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தாளை எடுத்து அடியில் 9.00 என்று எழுதுங்கள். மிச்சப் புத்தகத்தைக் கட்டி, பேனரைக் கழற்றிக் கிளம்பக் கால் மணி நேரம் வேண்டும், ஆக 8.45. கையெழுத்துக்கு ஒருவருக்கு ஒரு நிமிடம் வையுங்கள். கையெழுத்து மட்டும் என்றால் 40 வினாடி போதும், ஆனால் கூடவே ஒரு செல்ஃபியும் "உங்க முதல் கதை வந்தப்பவே படிச்சேன் டீச்சர்" என்ற பேச்சும் சேர்ந்தால் ஒன்றரை நிமிடம் ஆகிவிடும். நூறு பேர் வந்தால் ஐம்பது பேராவது வரிசையில் நிற்பார்கள் என்று கணக்கு வைத்தோம். வரிசை அமைய ஐந்து நிமிடமும் சேர்த்தால் 7.50-க்கு மேடை முடிந்தாக வேண்டும்.

மேலே தொடக்கத்தையும் நிஜமாக எழுதுங்கள். அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டால் ஆறேகாலுக்குத்தான் பாதி நாற்காலி நிரம்பும். ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6.00 வரை இராகு காலம் வேறு. உங்களுக்கு நம்பிக்கை இல்லாமலிருக்கலாம், உங்கள் மாமாவுக்கு இருக்கும். அவர் ஆறு அடித்த பிறகுதான் வீட்டை விட்டே புறப்படுவார். நாங்கள் 5.30 தேநீர், 6.15 நிகழ்ச்சி என்று அழைப்பிதழிலேயே பிரித்துப் போட்டோம். நிஜத்தில் தொடங்கியது 6.25.

மிச்சம் 85 நிமிடம். அதற்குள் அடங்க வேண்டியது இவ்வளவு: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, வெளியீடு, ஆசிரியர் வாசிப்பு, விருந்தினர் உரைகள், ஏற்புரை, நன்றி. தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடி. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது அரசு வகுத்த அளவு அது. பாடத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். செல்பேசியில் தேடிப் போடலாம் என்று விட்டால் முதலில் விளம்பரம் பாடும்.

டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் வாரமும் என்றால் இரண்டு மாதம் முன்னமே அரங்கம் பிடித்துவிட வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்னால் எல்லாப் பதிப்பகங்களும் வெளியீடு வைக்கும். நல்ல அரங்கும் கிடைக்காது, நல்ல பேச்சாளரும் கிடைக்க மாட்டார், ஒரே மாலையில் மூன்று இடத்தில் விழா நடக்கும்.

பேச்சாளர்கள் மூன்று பேர், அதற்கு மேல் வேண்டாம்

நேரம் ஓட்டையாவது இங்கேதான். ஆறு பேர் பெயர் போட்ட அழைப்பிதழ் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று சொல்லி ஆளுக்கு இருபது பேசினால் இரண்டு மணி நேரம் போய்விடும். நாலாவது ஆள் எழும்போது கூட்டத்தில் பாதி வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும், ஆசிரியர் ஏற்புரைக்கு வரும்போது சொந்தக்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். புத்தகம் வாங்கும் மனநிலையில் இருந்தவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போயிருப்பார்.

மூன்று பேருக்கும் புத்தகம் மூன்று வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். அச்சாகவில்லை என்றால் பக்கம் வடிவமைத்த பிரதியைத் தாளில் எடுத்துக் கொடுங்கள். வயதான பேச்சாளருக்குத் திரையில் படிக்கச் சொல்லிக் கோப்பு அனுப்பினால் படிக்காமலேயே வருவார். படிக்காமல் வந்தவரை எளிதில் அடையாளம் காணலாம்: முன்னுரையில் இருக்கிற மேற்கோள்களையே சொல்வார், அப்புறம் தன் இளமைக்காலத்துக்குப் போய்விடுவார்.

ஆளுக்கு ஒரு கோணத்தைப் பிரித்துக் கொடுங்கள். அந்தத் தொகுப்பில் பதினோரு கதைகள். ஒருவருக்குப் பள்ளிக்கூடம் வரும் நான்கு கதைகள், ஒருவருக்கு மொழியும் வட்டார வழக்கும், ஒருவருக்குப் பெண் பாத்திரங்கள். இப்படிச் சொல்லாவிட்டால் மூவரும் தலைப்புக் கதையைப் பற்றியே பேசுவார்கள், அதிலும் ஒருவர் முடிவைச் சொல்லிவிடுவார். "முடிவை மட்டும் வாசகருக்கு விட்டுவிடுங்கள் ஐயா" என்று நேராகவே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நேரத்தைச் சொல்வதுதான் சங்கடம். மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் நான் தொலைபேசியில் பேசியது இப்படிப் போனது:

"ஐயா, உங்களுக்குப் பத்து நிமிஷம் வெச்சிருக்கோம்."

"பத்து நிமிஷத்துல என்னப்பா பேசறது? மேடைல இருக்கறவங்க பேரைச் சொல்லவே அஞ்சு நிமிஷம் ஆயிடும்."

"பேரெல்லாம் தொகுப்பாளரே சொல்லிடுவாங்க ஐயா. நீங்க நேரா கதைக்கு வந்துடலாம். பன்னிரண்டு நிமிஷம் எடுத்துக்குங்க. ஒன்பதுக்கு மேல வாட்ச்மேன் லைட்ட அணைச்சிடுவாரு, டீச்சர் பேச முடியாமப் போயிடும்."

"அப்படியா... சரி, சரி."

அவர் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்தவர்களே, பேச இருப்பவர்களே என்று ஒவ்வொருவரும் வரிசையாக விளித்தால் மூவருக்குமாகப் பத்து நிமிடம் போய்விடும். தொகுப்பாளர் தொடக்கத்திலேயே எல்லாரையும் பேர் சொல்லி வரவேற்றுவிட்டு, "மேடையில் எல்லாரையும் நான் விளித்துவிட்டேன், பேச்சாளர்கள் நேரடியாக நூலுக்குள் வரலாம்" என்று ஒரு வரி சொல்லட்டும்.

யாராவது நீட்டினால் துண்டுச் சீட்டு கொடுப்பது பழைய வழி. பலர் அதைப் படித்துவிட்டு, "சீட்டு வந்துவிட்டது" என்று அதைப் பற்றியே இரண்டு நிமிடம் பேசுவார்கள். தொகுப்பாளர் எழுந்து மேடையின் ஓரத்தில், பேச்சாளர் கண்ணில் படும் இடத்தில் போய் நிற்பது இதைவிட வேலை செய்கிறது. அதிகம் நீட்டக்கூடியவர் யாரென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவரை முதலில் பேசவிடுங்கள். பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்பதே அவருக்குக் கடிவாளம்.

வெளியீடும் வாசிப்பும்

வெளியிட ஒருவர், பெற்றுக்கொள்ள இரண்டு பேர் போதும். முதல் பிரதி பெறுவோர் என்று பன்னிரண்டு பேரை மேடைக்கு அழைத்தால் அது புகைப்பட வரிசையாகிவிடும். பிரதியைப் பரிசுத் தாளில் சுற்றும்போது செலோடேப் ஒட்ட வேண்டாம். ரிப்பனை மட்டும் ஒரு சுருக்கில் கட்டுங்கள். ஒரு விழாவில் டேப்பை அழுத்தி ஒட்டிக் கொடுத்துவிட்டேன். வெளியிட வந்த பெரியவர் நகத்தால் கீறிக் கீறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பல்லால் கிழித்தார், புகைப்படக்காரர் அதைத்தான் அழகாக எடுத்திருந்தார். புத்தகத்தின் முன் அட்டை கேமராவைப் பார்க்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று கீழேயிருந்து ஒருவர் சைகை காட்ட வேண்டும். கட்டாயம் ஒருவராவது தலைகீழாகப் பிடிப்பார்.

வாசிப்பை நம் விழாக்களில் பெரும்பாலும் வைப்பதே இல்லை. வைத்தாலும் ஏற்புரையின் வாலில் ஒட்டுவார்கள். வெளியீடு முடிந்த கையோடு, விருந்தினர் பேசுவதற்கு முன்னால் வையுங்கள் என்பது என் கட்சி. கூட்டம் அப்போதுதான் புதிதாக உட்கார்ந்திருக்கும். பிறகு பேச்சாளர் ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொன்னால் அது யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

டெமி அளவில் ஒரு பக்கத்தை நிதானமாக உரக்கப் படிக்க ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஆகிறது. மூன்று பக்கம் என்றால் ஏழெட்டு நிமிடம், அதுவே அளவு. ஆசிரியை முழுக் கதையையும் படிக்க ஆசைப்பட்டார். வீட்டில் கடிகாரம் வைத்துப் படித்துப் பார்க்கச் சொன்னேன், 26 நிமிடம் வந்தது. அப்புறம் அவரே குறைத்தார். தேர்ந்தெடுத்தது ஒரு மதிய உணவு நேரம்: இரண்டே பாத்திரங்கள், பேச்சு அதிகம், முன்கதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். நிலக்காட்சி வருணனையும் நான்கைந்து பெயர்கள் ஒன்றாக நுழையும் இடமும் காதால் கேட்கிறவர்களுக்கு ஏறாது. பதில் தெரிய வேண்டும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தினார். பின்வரிசையில் யாரோ "அப்புறம்?" என்று கேட்டது மேடை வரை கேட்டது.

புத்தகத்தைப் பார்த்தே படிக்க வேண்டாம். புதுப் புத்தகத்தின் பசை இறுக்கமாக இருக்கும், ஒரு கையால் விரித்துப் பிடித்தால் மூடிக்கொண்டே வரும், தலையும் குனிந்து மைக்கை விட்டு விலகிவிடும். அந்தப் பகுதியை 16 புள்ளி எழுத்தில் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுத்து, மூலையில் எண் போட்டுக் கொடுங்கள். பின் அடிக்க வேண்டாம், புரட்டும் சத்தத்தை மைக் பிடிக்கும்.

விற்பனை மேசை

மேசையை அரங்கத்துக்குள்ளே, கதவை ஒட்டிப் போடுங்கள். வெளியே தேநீர் பக்கம் போட்டால் வடைக் கையோடு புரட்டுவார்கள். பளபளப்பில்லாத மேட் அட்டையில் எண்ணெய் விரல் விழுந்தால் போகாது. மேசைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் புத்தகம் கொடுக்க, ஒருவர் பணம் வாங்க. ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் கணக்கு கட்டாயம் உதைக்கும்.

அன்று விற்பது யார் சரக்கு என்பதை ஆசிரியரும் பதிப்பாளரும் முன்னமே பேசிவிடுங்கள். பதிப்பகத்தின் பிரதி என்றால் பணம் பதிப்பகத்துக்கு. ஆசிரியர் தனக்குரிய கழிவில் வாங்கி வைத்த பிரதி என்றால் பணம் அவருக்கு. இரண்டு குவியலும் ஒரே மேசையில் கலந்துவிட்டால் அடுத்த நாள் மனக்கசப்புதான். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அந்தக் கவலை வேண்டாம்.

விலை 240, அன்றைக்கு மட்டும் 200 என்று வைத்தோம். பத்து சதவீதம் கழிவு என்று 216-க்கு விற்றால் ஒவ்வொருவருக்கும் நான்கு ரூபாய் தேட வேண்டும். 200 என்றால் ஐந்நூறு நீட்டுகிறவருக்கு மூன்று நூறு திருப்பினால் முடிந்தது. சில்லறைக்கு இருபது நூறு ரூபாய்த் தாள்கள் பெட்டியில் வைத்தோம். யூபிஐ அட்டையைக் கதவுப் பக்கம் ஒன்று, மேசையில் ஒன்று என இரண்டாக வையுங்கள். அரங்கத்துக்குள் நெட்வொர்க் எடுக்கிறதா என்று முதல் நாளே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள், கீழ்த்தள அரங்குகளில் பெரும்பாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி இருந்தால் பேச்சு தொடங்கும்போது சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். ஒருமுறை உருக்கமான இடத்தில் "இருநூறு ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தியது, பேச்சாளரே சிரித்துவிட்டார்.

நூறு பிரதி கொண்டுபோனோம். மேடைக்கும் விருந்தினருக்கும் 12 எடுத்துத் தனிப் பையில் வைத்துவிட்டு, மேசைக்கு 88 என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேடையிலிருந்து யாராவது வந்து "ரெண்டு காப்பி கொடுங்க, விஐபிக்கு" என்றால் அந்தப் பையிலிருந்துதான், மேசையிலிருந்து இல்லை.

கையெழுத்து வரிசை

விழா முடிந்ததும் வரிசை அமையாமல் கலைந்துபோக ஒரே காரணம் குடும்பப் படம். நன்றியுரை முடிந்த நொடியில் பெரியப்பா, அத்தை, பள்ளித் தோழிகள் எல்லாரும் மேடையேறி ஆசிரியரைச் சூழ்ந்துகொள்வார்கள். இருபது நிமிடம் படம் எடுப்பார்கள். கீழே புத்தகத்தோடு நிற்கிற அறிமுகமில்லாத வாசகர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். குடும்பப் படத்தை 5.45-க்கே எடுத்துவிடுங்கள். பேனர் இருக்கும், ஆசிரியரின் புடவை கசங்காமல் இருக்கும், பொன்னாடைக் குவியலும் இருக்காது.

கையெழுத்து எங்கே என்ற அறிவிப்பை ஏற்புரைக்கு முன்னால் செய்ய வேண்டும். ஏற்புரை முடிந்ததும் நாற்காலிகள் நகரும் சத்தத்தில் எதுவும் கேட்காது. இடம் மேடையாக இருக்கக் கூடாது, படியேறத் தயங்கும் வயதானவர்கள் உண்டு. விற்பனை மேசைக்கு எதிர் மூலையில், தரையில் ஒரு சின்ன மேசை. ஆசிரியருக்கு ஒரு நாற்காலி, தண்ணீர், மூன்று பால்பாயிண்ட் பேனா. எதிரே நாற்காலி போடாதீர்கள், உட்கார்ந்தவர் எழ மாட்டார். ஜெல் பேனாவும் வேண்டாம். எழுதியதும் மூடிக் கொடுப்பதால் எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டும்.

பெயர்ச் சீட்டுதான் இதில் முக்கியமான வேலை. புத்தகம் வாங்கும்போதே ஒரு துண்டுத் தாளில் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லி, உள் தலைப்புப் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகிக் கொடுங்கள். ஆசிரியர் திறந்தால் சரியான பக்கமே வரும். ஆங்கிலத்தில் எழுதினால் தரணியா தாரணியா என்று தெரியாது, கேட்டுத் தமிழில் திருத்திக்கொள்ளுங்கள். பேர் தெரிந்தவர்கள்தான் உண்மையில் ஆபத்து. பத்து வருடம் முன்பு படித்த மாணவி வந்து நின்று "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்பாள். முகம் நினைவிருக்கும், பெயர் வராது. சீட்டு மானத்தைக் காப்பாற்றும்.

வரிசை ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகட்டும். பக்கத்தில் ஒருவர் நின்று, அடுத்து நிற்பவரின் செல்பேசியை முன்னமே வாங்கி வைத்துக்கொண்டு, கையெழுத்து போடும்போதே படம் எடுத்துக் கொடுத்தால் ஆளுக்கு அரை நிமிடம் மிச்சம். கைக்குழந்தையோடு வந்தவர்களையும், ஊருக்குப் பஸ் ஏற வேண்டியவர்களையும் முதலில் விட்டுவிடுங்கள்; வரிசையில் யாரும் முனகுவதில்லை.

அன்று மேடை 7.52-க்கு முடிந்தது. கடைசிக் கையெழுத்து 8.41. அதற்குள் மேசையில் எண்ணினோம். மிச்சம் 27 பிரதி, ஆக 61 போயிருக்கிறது, 12,200 ரூபாய் இருக்க வேண்டும். யூபிஐயில் 8,400. பெட்டியில் 5,600, அதில் சில்லறைக்கு வைத்த 2,000 போக 3,600. மொத்தம் 12,000. ஒரு புத்தகத்துக்குப் பணம் இல்லை. இருவரும் தலையைச் சொறிந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் "கையெழுத்து வாங்கிட்டு வந்து அனுப்பறேன்" என்று எடுத்துப் போனது அப்புறம்தான் ஒருவருக்கு நினைவு வந்தது. பேர் கேட்டு வைக்கவில்லை. தாளில் "1 பிரதி, பணம் வர வேண்டும்" என்று எழுதிவிட்டு, காவலாளிக்கும் ஒரு வடைப் பொட்டலம் கொடுத்துக் கிளம்பினோம். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு 200 ரூபாய் வந்தது, குறிப்பில் மூன்றாவது கதையின் பெயரோடு.